‘அட்வான்ஸ் கட்டுங்க’ என்று வரும் போன்: ஆஸ்பத்திரியின் எச்சரிக்கை மெசேஜ் யாரைச் சென்று சேர்கிறது?

தனியார் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தால் இப்போதெல்லாம் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. “எங்கள் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி போலி அழைப்புகள் வருவதாகத் தெரிகிறது. சிகிச்சைக்கோ ரிப்போர்ட்டுக்கோ முன்பணம் கேட்டு யாராவது அழைத்தால் பணம் செலுத்த வேண்டாம். ஓடிபி, கார்டு விவரங்களை யாருடனும் பகிர வேண்டாம்.” ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வார்த்தைகள் மாறினாலும் சாரம் இதுதான். சொல்வதெல்லாம் சரிதான். ஆனாலும் ஆட்கள் ஏமாந்துகொண்டே இருக்கிறார்கள். அது ஏன் என்று என் சித்தியின் ஆபரேஷன் சமயத்தில்தான் எனக்கு விளங்கியது.

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பாத்ரூமில் வழுக்கி விழுந்து சித்திக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சேர்த்து ரெண்டு நாள் கழித்து, மறுநாள் ஆபரேஷன் என்றார்கள். ரத்தம் 2 யூனிட் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள், அதுவும் ஓ நெகட்டிவ். சித்தி மகன் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு வேண்டுகோள் எழுதி நாலைந்து குரூப்பில் போட்டான். நோயாளி பெயர், வயது, ஆஸ்பத்திரி பெயர், மூன்றாவது மாடி, நாளை காலை ஆபரேஷன், தொடர்புக்கு சித்தப்பாவின் நம்பர். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், அந்த விவரமெல்லாம் இல்லாவிட்டால் ரத்தம் கொடுக்க வருகிறவர் எங்கே போய் யாரைத் தேடுவார்?

அன்று இரவு 7.40க்கு சித்தப்பாவுக்குப் போன். “சார், ஆஸ்பத்திரி பில்லிங்லேருந்து பேசறேன். நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன் இருக்குல்ல? வைக்கப்போற பிளேட்டு வெளியேருந்து வரணும். அட்வான்ஸ் 38,500 இப்பவே கட்டினாத்தான் கம்பெனிக்காரங்க அனுப்புவாங்க. கவுன்டர் 7 மணிக்கே க்ளோஸ் பண்ணிட்டாங்க சார், அதனால நம்பர் அனுப்பறேன், ஜிபே பண்ணிடுங்க.” மரியாதையான குரல், அவசரப்படுத்தவில்லை. பின்னால் ஆஸ்பத்திரி மைக்கில் யாரையோ கூப்பிடுவது போல ஒரு சத்தம்கூடக் கேட்டது என்கிறார் சித்தப்பா.

பணம் அனுப்பும் திரையில் ஒரு ஆளின் பெயர் வந்திருக்கிறது. அவர் கவனிக்காமல் இல்லை. கேட்டும் இருக்கிறார். “அது எங்க அக்கவுன்டன்ட் பேரு சார், ராத்திரியில அவர் அக்கவுன்ட்லதான் வாங்குவோம், காலையில ரசீது வார்டுக்கே வந்துடும்” என்று பதில் வந்தது. 7.52க்கு 38,500 ரூபாய் போய்விட்டது.

8.20க்கு அதே ஆள் மறுபடியும் கூப்பிட்டான். ரத்த வங்கிக்கு 22,000 கட்ட வேண்டுமாம். சித்தப்பாவிடம் அவ்வளவு இல்லை. காலையில் கட்டலாமா என்று கேட்க நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அந்த நர்ஸ் சொன்ன ஒரு வாக்கியத்தில் எல்லாம் தெரிந்துபோயிற்று: “எந்த கவுன்டர் சார் மூடியிருக்கு? உள்நோயாளி கவுன்டர் ராத்திரி முழுக்கத் திறந்துதானே இருக்கும்.”

சித்தப்பா ரேஷன் கடைப் பில்லையே ரெண்டு தடவை கூட்டிப் பார்க்கிற மனுஷர். பேராசையோ அலட்சியமோ அவரை ஏமாற்றவில்லை. அதற்கு முன் ரெண்டு நாளாக அந்த ஆஸ்பத்திரி உண்மையிலேயே அவரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. “அட்வான்ஸ் குறைவா இருக்கு, இன்னும் 20,000 கட்டிடுங்க” என்று நிஜமான பில்லிங் ஆள் போனில் சொல்லியிருக்கிறார். ஸ்கேனுக்கு முன்னால் கட்டச் சொன்னார்கள், மருந்துக்கு முன்னால் கட்டச் சொன்னார்கள். சேர்க்கும்போது ஒரு தொகை, பிறகு செலவு ஏற ஏற மேலும் மேலும் அட்வான்ஸ் என்பதுதான் பல தனியார் ஆஸ்பத்திரிகளின் கணக்கு முறை. மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் வழக்கத்தையே அப்படியே நடித்துக் காட்டினான். நிஜப் போனும் பொய்ப் போனும் ஒரே மாதிரி இருக்கும்போது ‘போலி அழைப்பை நம்பாதீர்கள்’ என்பதை வைத்துக்கொண்டு சித்தப்பா என்ன செய்திருக்க முடியும்? எது போலி என்பதுதானே கேள்வி.

நோயாளியின் பெயரும் வார்டும் தெரிந்திருப்பதால் பேசுகிறவர் ஆஸ்பத்திரி ஆள்தான் என்று நம்பிவிடுகிறோம். அந்த விவரம் வெளியே போக எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். ரத்தம் கேட்டு எழுதும் பதிவில் எல்லாம் இருக்கிறது. சிகிச்சைக்கு உதவி கேட்டு ஆன்லைனில் போடும் வேண்டுகோளிலும் இருக்கிறது, கூடுதலாக எவ்வளவு பணம் தேவை என்பதும் இருக்கிறது. பார்மசி சீட்டு, லேப் கவர், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றிலும் பெயர், வயது, நோயாளி எண், சில சமயம் போன் நம்பரும் அச்சாகியிருக்கும். வார்டு குப்பைக்கூடையில் அவை கிடக்கும். உள்ளே வேலை பார்க்கும் யாராவது பட்டியலை விற்பதும் உண்டு.

மொத்தமாகவே தகவல் கசிந்த சம்பவங்களும் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராமில் சாட்பாட் வழியாகக் கிடைத்தது 2024 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. அதில் பெயரும் நம்பரும் மட்டுமல்ல, மருத்துவ ரிப்போர்ட்டுகளும் இருந்தன. அதனால் ‘அவனுக்கு எல்லா விவரமும் தெரிஞ்சிருந்துச்சு’ என்பது இன்றைக்கு எதற்கும் அத்தாட்சி இல்லை. ட்ரூகாலரில் ஆஸ்பத்திரி பெயர் வந்ததே என்பார்கள். அந்தப் பெயரும் பெரும்பாலும் மற்றவர்கள் தங்கள் போனில் சேமித்தும் பரிந்துரைத்தும் சேருவதுதான். எந்த நம்பரும் எந்தப் பெயரிலும் காட்சி தரலாம்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? போனில் கேட்கும் குரலை வைத்து முடிவு செய்ய வழியே இல்லை. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். யுபிஐ ஆப்பில் நம்பரையோ ஐடியையோ போட்டதும், பின் நம்பர் அடிப்பதற்கு முன்னால், பெறுபவரின் பெயர் திரையில் வரும். முன்பு அந்த இடத்தில் அவரவர் ஆப்பில் வைத்துக்கொண்ட பெயரோ, நம் போனில் நாம் சேமித்த பெயரோ வர வாய்ப்பிருந்தது. யுபிஐயை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகம் இதை மாற்றியது. 2025 ஜூன் 30க்குள் எல்லா ஆப்களும் வங்கிக் கணக்கில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே அந்தப் பெயர்தான் முழு உரையாடலிலும் மோசடிக்காரனால் எளிதில் மாற்ற முடியாத ஒரே விஷயம். ஆஸ்பத்திரிக் கணக்கு என்றால் ஆஸ்பத்திரியின் பெயரோ, அதை நடத்தும் டிரஸ்ட் அல்லது கம்பெனியின் பெயரோ வரும். தனி ஆளின் பெயர் வந்தால் அவர் அக்கவுன்டன்ட், கேஷியர், மேனேஜர் என்று எந்த விளக்கம் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். தன் சொந்தக் கணக்கில் நோயாளிகளின் பணத்தை வாங்கும் அக்கவுன்டன்ட் எந்த ஒழுங்கான ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

டிரஸ்டின் பெயர் நாம் அறிந்த ஆஸ்பத்திரிப் பெயராக இல்லாமல் போகலாம், அந்தக் குழப்பம் வரும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சேர்க்கும்போது கட்டிய அட்வான்ஸ் யுபிஐயில் போயிருந்தால் அந்தப் பழைய பரிவர்த்தனையைத் திறந்து, அதில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரசீதின் தலைப்பிலும் அந்தப் பெயர் இருக்கும்.

அதைவிட எளிமையானது, போனை வைத்துவிட்டு கவுன்டருக்கு நடந்து போவது. ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணைச் சொன்னால் இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், பாக்கி எவ்வளவு என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ பணம் அனுப்புகிறார்கள் என்றால், ஆஸ்பத்திரி ஃபைலில் அச்சான நம்பருக்கு நாமாகக் கூப்பிட வேண்டும். வந்த நம்பருக்கே திருப்பிக் கூப்பிடக் கூடாது.

இரண்டாவது வகை மோசடி இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதில் கேட்பது வெறும் 5 ரூபாயோ 10 ரூபாயோதான். இது சேர்ந்திருக்கும் நோயாளியைக் குறிவைப்பதில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கத் தவிக்கிறவரைக் குறிவைக்கிறது. தூரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், உதாரணமாக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலூருக்கு வருகிறவர்கள், முதலில் செய்வது ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு நம்பர் தேடுவதுதான். தேடலில் வரும் நம்பர் உண்மையானதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். மேப்பில் ஒரு இடத்தின் போன் நம்பரைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம். போலித் தளம் ஒன்றைப் போட்டு, காசு கட்டி விளம்பரமாக மேலே வரவைக்கவும் செய்கிறார்கள். இங்கே மோசடிக்காரன் நம்மைக் கூப்பிடுவதில்லை. நாம்தான் அவனைக் கூப்பிடுகிறோம். நாமே கூப்பிட்ட நம்பர் என்பதால் சந்தேகமே வருவதில்லை.

அவன் நோயாளி பெயர், வயது, என்ன பிரச்சினை என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வான். டாக்டர் பெயரையும் சொல்வான். அப்புறம், “டோக்கன் போடறதுக்கு 10 ரூபா மட்டும் கட்டணும், வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் அனுப்பறேன்” என்பான். வருவது `Appointment.apk` மாதிரி ஒரு பெயரில் இருக்கும். கடைசியில் இருக்கும் `.apk` என்பது அது ஒரு படிவம் அல்ல, ஆண்ட்ராய்டு போனில் நிறுவும் ஆப் என்பதைக் காட்டுகிறது. தட்டினால் ‘அறியாத இடத்திலிருந்து வரும் ஆப்’ என்று போனே எச்சரிக்கும். அதைத் தாண்டச் சொல்லித் தருவான். ஆப் திறந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் அன்றிலிருந்து நமக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவனுக்கும் போகும்.

பிறகு அந்த ஆப்பிலேயே 10 ரூபாய் கட்ட ஒரு பக்கம் வரும். கார்டு நம்பர் கேட்கும், அல்லது வங்கியைத் தேர்ந்தெடுத்து யுபிஐ பின் நம்பர் அடிக்கச் சொல்லும். அந்தப் பக்கம் பொய். நாம் அடிக்கும் எண்கள் வங்கிக்குப் போவதில்லை, அவனுக்குப் போகின்றன. 10 ரூபாய் போகவே போகாது, ‘ஃபெயில்டு’ என்று வரும், பரவாயில்லை சார் நாளைக்குப் பார்க்கலாம் என்பான். அவனுக்கு 10 ரூபாய் வேண்டியதே இல்லை.

யுபிஐயில் ஒரு புதுப் போனைச் சேர்க்க வேண்டுமானால் வங்கியில் பதிந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். எஸ்எம்எஸ் அனுமதி பெற்ற அந்த ஆப் அதையும் நமக்குத் தெரியாமல் அனுப்பிவிட முடியும். பின் நம்பர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்தால் நம் கணக்கு அவன் போனில் திறந்துகொள்ளும். அன்றிரவோ ரெண்டு நாள் கழித்தோ பணம் போகும். அப்போது அந்த 10 ரூபாய் போனை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை.

யுபிஐ பின் அடிக்கும் இடம் நம் யுபிஐ ஆப்புக்குள், வங்கியின் பெயரும் தொகையும் மேலே காட்டும் தனித் திரையாகத்தான் வரும். பிரவுசரிலோ, புதிதாக நிறுவிய ஆப்பிலோ, ஒரு படிவத்தின் கட்டத்திலோ அதைக் கேட்டால் அது திருட்டு. இப்படி ஒரு ஃபைலை ஏற்கெனவே நிறுவிவிட்டவர் முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆப்பை நீக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ரிப்போர்ட் பெயரில் வரும் போன் இந்த ரெண்டின் கலவைதான். ‘ரிப்போர்ட்டில் ஒரு சின்னப் பிரச்சினை தெரியுது, டாக்டர் உடனே பார்க்கணும், பாக்கி 1,200 கட்டினா இப்பவே அனுப்பிடறேன்’ என்று பயத்தைக் கலந்து கேட்பார்கள். லேபில் மாதிரி கொடுக்கும்போதே பணம் வாங்கி ரசீது கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். ரசீதில் பாக்கி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, சித்தப்பா கதைக்கு வருகிறேன். நர்ஸ் சொன்னதும் சித்தி மகன் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டான். மணி 8.35. பணம் போய் 43 நிமிஷம் ஆகியிருந்தது. வங்கி எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த ஐடிக்குப் போனது, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன என்று கேட்டார்கள். அந்த எண் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இருக்கும். கூப்பிடும்போது அதைக் கையில் வைத்திருந்தால் பல நிமிஷம் மிச்சமாகும். பிறகு cybercrime.gov.in தளத்தில் விவரங்களைப் பூர்த்தி செய்தோம்.

அந்தப் புகார் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே போகிறது. அங்கே மிச்சம் இருக்கும் தொகையை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். அங்கிருந்து வேறு வங்கிக்குப் போயிருந்தால் புகாரும் பின்னாலேயே போகிறது. இது ஒரு ஓட்டப்பந்தயம் மாதிரி. எங்கள் விஷயத்தில் 14,500 ரூபாய் பிடிபட்டது. மீதி 24,000 அதற்குள் வேறு ரெண்டு கணக்குகளுக்குப் போய், ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது. பிடித்து வைத்த பணம் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது, ஐந்து மாதம் ஆயிற்று.

மீதியை வங்கியிடம் கேட்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதியைத்தான் அதற்குக் காட்டினார்கள். நம் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் கணக்கிலிருந்து பணம் போய், வங்கி தகவல் சொன்ன 3 வேலை நாளுக்குள் நாம் புகார் செய்தால் நமக்கு நஷ்டமில்லை என்றது அது. ஆனால் அது நம் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்கு. சித்தப்பா தன் கையால் பின் அடித்து அனுப்பியிருக்கிறார். அது அனுமதித்த பரிவர்த்தனை என்று வங்கி கைவிரித்துவிட்டது. ஆப் நிறுவி ஏமாந்தவர் இந்த விதியைக் காட்டி வாதாட இடமிருக்கிறது. ஆனால் அவர் பின்னையோ ஓடிபியையோ கொடுத்தது கவனக்குறைவு என்று வந்துவிட்டால், புகார் செய்யும் நிமிஷம் வரைக்கும் போனது அவர் நஷ்டம், அதற்குப் பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால்தான் எந்த வகையாக இருந்தாலும் புகார் செய்யும் நேரம் இவ்வளவு முக்கியமாகிறது.

எச்சரிக்கை மெசேஜுக்கே போலி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘உறுதி செய்துகொள்ள இந்த நம்பருக்கு அழைக்கவும்’ என்று ஒரு பத்து இலக்க மொபைல் நம்பரோடு, ஆஸ்பத்திரி லோகோ போட்டு வாட்ஸ்அப்பில் வரும். லோகோவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். முறையான எஸ்எம்எஸ் சாதாரண மொபைல் நம்பரிலிருந்து வராது. ஆஸ்பத்திரி பதிவு செய்த எழுத்துக் குறியீட்டிலிருந்து வரும். 2025 மே முதல் அந்தக் குறியீட்டின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது: சேவைத் தகவல் என்றால் `-S`, விளம்பரம் என்றால் `-P`.

சித்தி பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். அவள் போன் அத்தனை நாளும் ஆஸ்பத்திரி அலமாரியில், பைக்குள் யாரும் பார்க்காமல் கிடந்து, சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. சார்ஜ் போட்டுத் திறந்தால் படிக்காத மெசேஜ்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று ஆஸ்பத்திரியின் எச்சரிக்கை. சேர்த்த அன்று காலை 11.10க்கு வந்திருக்கிறது. பதிவு செய்யும்போது நோயாளியின் நம்பரைக் கேட்டார்கள், சித்தி நம்பரைக் கொடுத்தோம், எச்சரிக்கை அந்த நம்பருக்குப் போயிற்று. பணம் கட்ட ஓடிக்கொண்டிருந்தவர் சித்தப்பா. மோசடிக்காரனுக்குக் கிடைத்ததும் அவர் நம்பர்தான். அவருக்கு ஒரு வரிகூட வரவில்லை.

இதை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தோம். உடனிருப்பவர் நம்பருக்கும் அனுப்பச் சொன்னோம். அதைவிட முக்கியமாக, அட்வான்ஸ் ரசீதின் கீழேயே ரெண்டு வரி அச்சடிக்கச் சொன்னோம். ‘போலி அழைப்பை நம்பாதீர்’ என்று அல்ல. ‘மேற்கொண்டு பணம் கட்ட வேண்டியிருந்தால் வார்டில் சீட்டு தருவோம். தரைத்தளக் கவுன்டர் 24 மணி நேரமும் திறந்திருக்கும். எங்கள் கணக்கின் பெயர் இது’ என்று, தாங்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதை. ரசீது என்றால் சித்தப்பா மாதிரி ஆட்கள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள், ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த 7.40 மணிக்கும் அது அவர் பையில்தான் இருந்தது.